தமிழ்மொழி விழாவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளை நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர்களுள் ஒருத்தி நான். உங்கள் போட்டிகள் பலவற்றுக்கு நடுவராக வந்திருக்கிறேன். பிள்ளைகளை அணியணியாக அழைத்தும் வந்திருக்கிறேன். இந்த நாட்டில் தமிழ் எந்த இடத்தில் தேய்கிறது என்பதையும், உங்கள் உழைப்பும் பணமும் பெரும்பாலும் அந்த இடத்தைத் தொடாமலேயே செலவாகின்றன என்பதையும் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 36 பேர் அளவில் இருந்தார்கள். 2010இல் அது 42 பேராகவும், 2020இல் 59 பேராகவும் உயர்ந்தது. நாட்டின் மொத்த மக்களில் வீட்டில் தமிழையே பெரும்பாலும் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தியர் என்ற பிரிவில் மலையாளிகளும் பஞ்சாபிகளும் இந்தி பேசுவோரும் அடங்குவதால், முதலில் சொன்ன எண்களை அப்படியே தமிழ்க் குடும்பங்களின் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றை இந்தக் கணக்கு நமக்குக் காட்டுவதே இல்லை. வீட்டில் எந்த மொழி அதிகம் பேசப்படுகிறது என்ற கேள்விக்குப் பெற்றோர்தான் விடை சொல்கிறார்கள். அப்பா தாத்தாவிடம் தமிழில் பேசுகிறார், அம்மா பாட்டியிடம் தமிழில் பேசுகிறார் என்பதால், பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தமிழ் என்றே பதிவாகிவிடலாம். அந்த வீட்டின் பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

நான் நன்கு அறிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் இங்கேயே பிறந்து, தமிழை இரண்டாம் மொழியாகப் படித்தவர்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பாட்டியும் உடன் இருக்கிறார். மூத்தவள் மூன்று வயதுவரை தமிழில் மட்டுமே பேசினாள். பிறகு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்தாள். சில மாதங்களில் ஆங்கிலத்தை அள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். விடை புரிந்துவிட்டதால் பேச்சு நிற்காமல் நடந்தது; வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் ஒவ்வொரு விடையையும் நிறுத்தி மாற்றச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. அவளுக்கு மூன்று ஆண்டு இளையவன் தம்பி. அவனுடைய காதில் முதலிலிருந்தே விழுந்தது அக்காவின் ஆங்கிலம். அவன் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறியவன் அல்லன். தமிழில் விடை சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு ஒருநாளும் ஏற்படவில்லை. பாட்டி சொல்வது அத்தனையும் அவனுக்கு விளங்கும். 'போய்க் கைய கழுவிட்டு வா' என்றால் உடனே எழுந்து போவான். அதனால் வீட்டில் எல்லாரும் அவனுக்குத் தமிழ் தெரியும் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கநிலை ஒன்றில் அவன் என் வகுப்புக்கு வந்தான். விடுமுறையில் எங்கே போனாய் என்று கேட்டேன். கேள்வி அவனுக்கு நன்றாகப் புரிந்தது, கண்கள் விரிந்தன. நெடுநேரம் கழித்து, 'நான் ஒட்டகச்சிவிங்கி பார்க்கிறேன்' என்றான். சொல் அட்டையில் படித்த விலங்கின் பெயர் பிசகில்லாமல் வந்தது. நேற்று நடந்ததைச் சொல்லும் வினைச்சொல்தான் வரவில்லை. வீட்டுத் தமிழ் தேய்ந்த பிள்ளைகளிடம் இதைத்தான் நான் மீண்டும் மீண்டும் கண்டேன். பெயர்ச்சொற்கள் கடைசிவரை தங்கும். முதலில் சிதைவது இறந்தகால வினை. பார்த்தேன், வந்தேன், போனேன், சாப்பிட்டேன், விழுந்தேன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரிவதைச் சூத்திரம் சொல்லி ஆறு வயதுப் பிள்ளைக்குப் புகட்ட முடியாது. ஆயிரம் முறை காதால் கேட்டு, நூறு முறை தப்பாகச் சொல்லி, யாரோ ஒருவர் திரும்பச் சரியாகச் சொல்லக் கேட்டுத்தான் அவை நாவில் படிகின்றன. அந்த ஆயிரம் முறைக்கான நேரம் வீட்டில்தான் உண்டு. பள்ளியில் எங்களுக்குக் கிடைப்பது நாளுக்கு ஒரு பாடவேளை. அதிலும் எழுத்து, வாசிப்பு, பயிற்சித்தாள் எல்லாம் இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் நம் மொழிக்கு உண்டு. நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு வேறாக இருக்கின்றன. வீட்டில் பேச்சுத் தமிழ் ஊறிய பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் அதன்மேல் கட்டும் மாடி. வீட்டில் எதுவும் இல்லாத பிள்ளை அந்த மாடியை அந்தரத்தில் கட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இருந்த காலத்தில் இது தெரியவில்லை. கடைசியாக எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டன. அப்போதும் வீட்டுப் பேச்சு உயிரோடு இருந்ததால் தமிழ்ப் பாடம் நின்றுபிடித்தது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொச்சையைக் கற்றுக்கொடுப்பதா என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வீடு செய்துவந்த வேலையைப் பள்ளி ஏற்கவேண்டி வந்துவிட்டது என்பதன் ஒப்புதலாகவே அந்தப் பரிந்துரையை நான் படித்தேன். தேவையான முடிவுதான், ஆனால் பேச்சுத் தமிழைப் பாடமாகக் கற்ற பிள்ளை அதை யாரிடம் பேசும்?

மேலே சொன்ன சிறுவன் ஒருநாள் பாட்டியிடம் போய், 'பாட்டி, எனக்கு நீர் வேண்டும்' என்றானாம். மாமா ஒருவர், 'என்னடா, செய்தி வாசிக்கிறியா' என்று கேலி செய்ய, வீடே சிரித்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் பாட்டியிடம் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டான். வெட்கம் இந்த வயதில் மிக வேகமாக வேலை செய்யும். பிழை திருத்துவதைவிடக் கேலி பத்து மடங்கு கெடுதல் செய்யும். பெற்றோர் கூட்டங்களில் எல்லா ஆசிரியர்களும் முதலில் சொல்லவேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

இதனால் இழப்பது என்ன என்று கேட்டால், பலரும் பண்பாடு, இலக்கியம் என்று தொடங்குவார்கள். எனக்கு அதைவிட அருகில் இருக்கும் இழப்புகளே கண்ணில் படுகின்றன. அந்த வீட்டின் இரவுச் சாப்பாட்டு மேசையில் நால்வர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள, பாட்டி தட்டைப் பார்த்தபடி உண்கிறார். அவரிடம் பேசப்படுவது எல்லாம் 'மாத்திரை போட்டீங்களா', 'டிவி சத்தத்தக் குறைங்க' என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவர் தம் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், பேரனுக்குப் புரிகிறது. ஆனால் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்க அவனுக்கு வாய் வருவதில்லை. கேட்பவன் குறுக்கே கேட்காத கதையை யாரும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தச் சிறுவன் தகப்பனாவான். புரிந்துகொள்ள மட்டுமே தெரிந்த மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்க இயலாது. கொடுப்பதற்குப் பேச வேண்டும். ஆகவே ஒரு குடும்பத்தில் தமிழ் முடியும் நாள், பேரன் விடையை ஆங்கிலத்தில் சொல்லி நாம் அதை ஏற்றுக்கொண்ட நாளாகத்தான் இருக்கிறது. அது தெரியவருவதற்கு மேலும் ஒரு தலைமுறை ஆகும்.

இப்போது உங்கள் விழாவுக்கு வருகிறேன். பேச்சுப் போட்டியில் முழங்கும் பிள்ளைகளில் பலர், துணைப்பாட ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை, சிலர் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து, மனப்பாடம் செய்து வருகிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அவர்கள் தம்பி தங்கையிடம் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. போட்டிகளை நிறுத்தவும் சொல்லவில்லை. ஆனால் போட்டிக்கு வருவது பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை. விடைகள் ஆங்கிலத்துக்கு மாறுவது மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள். தமிழ் சொல்லித்தரும் பாலர் பள்ளி எல்லா வட்டாரத்திலும் இல்லை. பணிப்பெண் இருக்கும் வீடுகளில் அவரோடு பேசப் பெரும்பாலும் ஆங்கிலமே பொதுமொழி. அந்த வயதுக்கு உங்களிடம் என்ன நிகழ்ச்சி இருக்கிறது?

நான் கேட்பது சிறியது. ஒரு வட்டாரத்தில், ஒரே அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி வாழும் ஐந்தாறு குடும்பங்களைச் சேருங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளும், அவர்களுடைய அக்கா அண்ணன்களும், தமிழ் பேசும் ஒன்றிரண்டு தாத்தா பாட்டிகளும் வாரம் இருமுறை புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்தில் ஒன்றாக இருக்கட்டும். பாடம் வேண்டாம், பரிசு வேண்டாம். பந்து விளையாடட்டும், தோசை மாவில் எழுத்து வரைந்து சுட்டுத் தின்னட்டும். மூத்த பிள்ளைகள் வருவது இதில் முக்கியம், ஏனென்றால் சின்னவர்கள் பெற்றோரைவிட அவர்களைப் பார்த்துத்தான் மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால் திட்டாமல், அதையே தமிழில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும் என்பது ஒன்றே பெரியவர்களுக்கான விதி. இது எல்லாப் பிள்ளையிடமும் பலிக்காது. எட்டு வயதைத் தாண்டி வாய் மூடிக்கொண்ட பிள்ளைகளை மீட்பது மிகக் கடினம்; முயன்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பலன் தெரிய வேண்டுமானால் வருகைப் பதிவை எண்ணாதீர்கள். தொடங்கும்போது ஒவ்வொரு குடும்பத்திடமும் கேளுங்கள்: அம்மா பிள்ளையிடம், பிள்ளை அம்மாவிடம், பிள்ளை பாட்டியிடம், பிள்ளைகள் தங்களுக்குள், பெற்றோர் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? ஓராண்டு கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் என்ற வரியில் ஒரு வீட்டிலாவது விடை மாறியிருந்தால் அடுத்த புளோக்குக்குப் போகலாம். மாறாவிட்டால் எங்கே தவறினோம் என்று சேர்ந்து பார்ப்போம். முதல் குழுவை நடத்த என் வட்டாரத்தில் நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் வயதொத்த இன்னும் சில ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது வெற்றுத்தளத்தைப் பயன்படுத்த அனுமதியும், குடும்பங்களைத் தேடிப்பிடிக்க உங்கள் உறுப்பினர் பட்டியலின் உதவியும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை