24ஆம் தேதிக் கூட்டத்தில் நிறைவேறியதாக அறிவித்த இரண்டு தீர்மானங்கள்: இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கடந்த 24ஆம் தேதி நடந்த சிறப்புப் பொதுக்கூட்டத்தில் நானும் இருந்தேன். முதல் தீர்மானம், அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை உயர்த்துவது. அதற்கு ஆதரவாக வாக்களித்தேன். இரண்டாவது, நிறுவனத்தின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸைத் திருத்துவது, அதை எதிர்த்தேன். இரண்டும் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார். என் கணக்கில் இரண்டாவது தோற்றுவிட்டது. முதலாவதும் உறுதியான நிலையில் இல்லை. மற்ற பங்குதாரர்களும் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நோட்டீஸ். உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரை 3ஆம் தேதி. கூட்டம் 24ஆம் தேதி. "இருபத்தொரு நாள் ஆகிவிட்டதே" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 101 கேட்பது வெறும் 21 நாள் அல்ல, முழுதாக 21 நாள். நோட்டீஸ் சேர்ந்த நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் கழித்துவிட்டு, நடுவில் உள்ள நாட்களைத்தான் எண்ண வேண்டும். தபாலில் அனுப்பினால், போட்டதிலிருந்து 48 மணி நேரம் கழித்தே அது சேர்ந்ததாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே 3ஆம் தேதி போட்ட கடிதம் 5ஆம் தேதி சேர்ந்தது. 6 முதல் 23 வரை எண்ணினால் 18 நாட்கள்தான். அதே தபாலுக்கு 27ஆம் தேதிக்கு முன்னால் கூட்டம் வைத்திருக்கவே முடியாது.

குறுகிய கால நோட்டீஸுக்கும் வழி உண்டு. ஆனால் இது போன்ற கூட்டத்துக்கு, வாக்குரிமை உள்ள பங்குதாரர்களில் தலை எண்ணிக்கையில் பெரும்பாலோரும், வாக்குரிமை தரும் மூலதனத்தில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்போரும் எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் சம்மதித்திருக்க வேண்டும். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்களிடமே மூலதனத்தில் 15 சதவீதம் இருக்கும்போது, 95 எங்கிருந்து வந்திருக்கும்? தவறுதலாக ஒருவருக்கு நோட்டீஸ் போகாமல் விட்டால் கூட்டம் செல்லாமல் போகாது என்று அதே பிரிவு சொல்வது உண்மைதான். அது ஒரு பெயர் விடுபட்டதற்கான காப்பு. எல்லோருக்கும் நாள் குறைந்துபோனதை அது மூடாது.

அடுத்து கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது. நம்முடையது பப்ளிக் லிமிடெட் கம்பெனி. பங்குதாரர்கள் ஆயிரத்துக்கும் கீழே. பிரிவு 103படி, ஆர்ட்டிகிள்ஸ் அதிகம் கேட்காதவரை, ஐந்து உறுப்பினர்கள் நேரில் இருக்க வேண்டும். (பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பேர் போதும், அங்கே நோட்டீஸ், கோரம் விதிகளை ஆர்ட்டிகிள்ஸே வேறு விதமாக வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.) கூட்டம் தொடங்கியபோது அறையில் இருந்தது மூன்று பங்குதாரர்கள், நம் பங்குகளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி, வராத பங்குதாரர்கள் தங்களுக்குப் பதிலாக வாக்களிக்க அனுப்பிய ஆறு பிராக்ஸிகள். வருகைப் பதிவேட்டில் பத்துக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோரம் இருப்பதாகத் தலைவர் அறிவித்தார்.

போர்டு தீர்மானத்தோடு வந்த நிறுவனப் பிரதிநிதியை நேரில் வந்த உறுப்பினராகவே எண்ணலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பிராக்ஸி வாக்களிக்க வந்தவர். கோரத்தில் அவருக்கு இடமில்லை. ஆக இருந்தது நான்கு பேர். ஐந்தாவது பங்குதாரர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். சட்டம் அரை மணி நேரம் காத்திருக்க இடம் தருகிறது. காத்திருந்திருந்தால் ஒரு குறையும் இல்லை. அதற்குள் முதல் தீர்மானத்தை எடுத்து, வாக்கெடுத்து, முடித்துவிட்டீர்கள். கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தபோது இரண்டாவது தீர்மானம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

முதல் தீர்மானத்தை ஆதரித்தவன் என்பதால்தான் இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மூலதன உயர்வை நம்பித்தான் புதுப் பங்குகள் ஒதுக்கப்போகிறீர்கள். நாளை யாராவது தீர்ப்பாயத்துக்குப் போனால், கேள்விக்குறியாவது அன்றைய கூட்டம் மட்டுமல்ல, பணம் கட்டிப் பங்கு வாங்கியவர்களின் பங்கும்தான்.

இனி இரண்டாவது தீர்மானம். மூலதனத்தை உயர்த்த, ஆர்ட்டிகிள்ஸ் அனுமதித்தால், சாதாரண தீர்மானம் போதும்: ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாலே நிறைவேறிவிடும். ஆர்ட்டிகிள்ஸைத் திருத்துவதோ பிரிவு 14படி சிறப்புத் தீர்மானத்தால் மட்டுமே முடியும். அதற்கான அளவுகோல் பிரிவு 114இல் இருக்கிறது: ஆதரவாக விழுந்த வாக்கு, எதிராக விழுந்த வாக்கைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது.

அன்று வாக்குச்சீட்டு எண்ணியபோது நீங்களே வாசித்த எண்கள் இவை. ஆதரவு 4,20,000. எதிர்ப்பு 1,50,000. வந்திருந்தும் வாக்களிக்காத பங்குகள் 30,000. "ஆறு லட்சத்தில் நான்கு லட்சத்து இருபதாயிரம், எழுபது சதவீதம், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது" என்று தலைவர் சொன்னார். இதில் இரண்டு பிழை இருக்கிறது. நம் சட்டத்தில் மூன்றில் இரண்டு என்ற அளவே சிறப்புத் தீர்மானத்துக்கு இல்லை. வாக்களிக்காதவர்களைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. விழுந்த வாக்குகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். 1,50,000ஐ மூன்றால் பெருக்கினால் 4,50,000. ஆதரவு 30,000 வாக்கு குறைகிறது. எதிர்த்தவர்களில் பத்தாயிரம் பங்கு வைத்திருந்தவர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தால், 1,40,000க்கு 4,20,000 என்று சரியாக மூன்று மடங்காகித் தீர்மானம் நிறைவேறியிருக்கும். ஒதுங்கவில்லை, ஆகவே தோற்றது.

எண்கள் சரியாக வந்திருந்தாலும் நோட்டீஸ் அதைக் காப்பாற்றியிருக்காது. சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறோம் என்பதை நோட்டீஸிலேயே சொல்ல வேண்டும். நமக்கு வந்த தாளில் "பின்வரும் தீர்மானத்தை நிறைவேற்ற" என்று மட்டுமே இருக்கிறது. இந்தத் திருத்தம் எதற்கு, எந்த இயக்குநருக்கு இதில் சொந்த நலன் உண்டு என்று சொல்லும் விளக்க அறிக்கையும் இணைக்கப்படவில்லை. பிரிவு 102 அதைக் கேட்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரண்டாவது தீர்மானத்தை எம்ஜிடி-14 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்யாதீர்கள். நிறைவேறாத ஒன்றை நிறைவேறியதாகத் தாக்கல் செய்வது தனிக் குற்றமாகும். மினிட்ஸில் விழுந்த வாக்குகளை உள்ளபடி எழுதுங்கள். புதுப் பங்கு ஒதுக்கீட்டை நிறுத்திவைத்து, இரண்டையும் புதிதாக ஒரு கூட்டத்தில் வையுங்கள். அடுத்த மாதம் 1ஆம் தேதி தபாலில் போட்டால் 25ஆம் தேதி கூடலாம். அதற்கு முன்னால் அல்ல.

அந்த 1,50,000 பங்குகள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதால், பிரிவு 100இன் கீழ் நாங்களே கூட்டம் கோரவும் முடியும். கோரிக்கை கிடைத்த 21 நாளுக்குள் நீங்கள் நடவடிக்கை தொடங்கி, 45 நாளுக்குள் கூட்டத்தை நடத்தியாக வேண்டும். தவறினால் மூன்று மாதத்துக்குள் நாங்களே நடத்தலாம். அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. அதில் அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகாமல் கூட்டமே ரத்தாகிவிடும். நீங்களே அழைத்தால் எல்லோரும் வருவோம். முதல் தீர்மானத்துக்கு மறுபடியும் ஆதரவாகவே வாக்களிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்குதாரர்களில் ஒருவன்