பில் நிலுவை ரூ. 1,86,400: சொன்ன நான்கு தேதிகளும் தாண்டிவிட்டன

திருப்பூர், ஜூலை 3

கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 8 அன்று 3,500 அட்டைப்பெட்டிகளை உங்கள் குடோனில் இறக்கினோம். டெலிவரி சலானில் உங்கள் ஸ்டோர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியபடி 30 நாளில், அதாவது மே 8க்குள், பணம் வந்திருக்க வேண்டும்.

அதன்பின் நடந்ததைத் தேதியோடு எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். மே 12 அன்று போனில், "முதலாளி வெளியூர், 16ஆம் தேதிக்குள் போட்டுவிடுகிறோம்" என்றீர்கள். வரவில்லை. மே 26 அன்று நீங்களே அனுப்பிய மின்னஞ்சலில், "என்.இ.எஃப்.டி. போட்டாயிற்று, யு.டி.ஆர். எண் மாலையில் வரும்" என்று இருக்கிறது. எண்ணும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஜூன் 9 அன்று செக் தயார், ஆளை அனுப்புங்கள் என்றீர்கள். எங்கள் பையன் காலை பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை உங்கள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தான். செக்கை எடுத்துக் காட்டிவிட்டு, இரண்டாவது கையெழுத்து ஆகவில்லை என்று திருப்பி உள்ளே வைத்துவிட்டார்கள். கடைசியாக ஜூன் 20, வாட்ஸ்அப்பில்: "மாசக் கடைசிக்குள் கண்டிப்பா." மாதமும் முடிந்துவிட்டது. மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சரக்கில் குறை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகத்தான் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் 2006 கருதுகிறது. எங்கள் உத்யம் பதிவு எண் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. அதே சட்டப்படி மே 9 முதல், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி ஏறுகிறது. வட்டி வாங்குவது என் நோக்கமில்லை. பேப்பர் ரீல் தருபவர் எனக்கு ஒரு வாரம்கூடக் கடன் தருவதில்லை, இந்த பில்லின் ஜிஎஸ்டியையும் கைக்காசு போட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஜூலை 10, மாலை ஐந்து மணிக்குள் அசல் முழுவதும் வந்து, யு.டி.ஆர். எண்ணும் கிடைத்தால் இதுவரையிலான வட்டியைக் கேட்கமாட்டேன். மொத்தமாக முடியாதென்றால், பாதியை அன்றே போட்டுவிட்டு, மீதிக்கு ஒரு தேதியைக் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் எழுத்தில் தரட்டும். போனில் சொல்லும் தேதியை இனி நான் குறித்துக்கொள்ளப் போவதில்லை.

இரண்டும் நடக்காவிட்டால், ஜூலை 11 அன்று குறு, சிறு தொழில் வசதி மன்றத்தில் வட்டியோடு சேர்த்து மனு போடுவேன். உங்கள் அடுத்த ஆர்டரின் 2,000 பெட்டிகள் அடித்துத் தயாராக இருக்கின்றன. பழைய பாக்கி வந்த அன்றே வண்டி ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
அட்டைப்பெட்டித் தயாரிப்பகம், திருப்பூர்

இணைப்பு: பில், பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்திட்ட சலான், மே 26 மின்னஞ்சல், ஜூன் 20 வாட்ஸ்அப் பதிவு