பழைய பேராசிரியருக்கு எழுதப்போகும் மலையகப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தேயிலைத் துறையில் கால் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். படிப்பித்த பேராசிரியருக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களில் சில அவர் வழியாக எங்கள் கைக்கு வருகின்றன. பல அவருடைய பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. தங்கிவிடுபவற்றில் பெரும்பாலும் இப்படியொரு வரி இருக்கும்: "சேர், தேயிலைத் துறையில் உங்களுக்குத் தெரிந்த யாரையாவது அறிமுகப்படுத்திவிடுங்கள்." இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வேலை முழுவதையும் பேராசிரியர் தலையில் கட்டிவிடுகிறது, அதுதான் சிக்கல். யாரிடம் அனுப்புவது, உங்களைப் பற்றி என்ன சொல்வது, எதற்காகப் பேசச் சொல்வது என்ற மூன்றையும் அவரே யோசிக்க வேண்டும். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் அதற்கு நேரம் கிடைக்காது. "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிவைத்த கடிதம் திரும்பத் திறக்கப்படுவது அபூர்வம்.

முதலில் "தேயிலைத் துறை" என்ற சொல்லை உடைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் தேயிலை பொதியானதும் அது தரகர் நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே சுவைஞர்கள் ஒவ்வொரு தொகுதியையும் சுவைத்து மதிப்பிடுகிறார்கள். கொழும்பு ஏலத்தில் ஏற்றுமதியாளர் அதை வாங்கி, தன் சுவைப்பறையில் கலவை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். இன்னொரு பக்கம் பெருந்தோட்டக் கம்பனியின் தலைமையகத்தில் தரத்தையும் விற்பனையையும் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. இவை எல்லாம் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பேச்சு. எந்தக் கதவு என்று நீங்கள் சொன்னால்தான் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர் யாரென்று பேராசிரியருக்கு ஞாபகம் வரும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்து வெளியேறி 2 ஆண்டுகளான ஒரு தங்கை. பண்டாரவளைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தர உறுதிப்பாட்டில் வேலை. அவருக்குத் தரகர் நிறுவனமொன்றின் சுவைப்பறைக்குப் போக ஆசை. அவர் கேட்க வேண்டியது வேலையை அல்ல, 20 நிமிடப் பேச்சை. பணிவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவருடைய தொழிற்சாலையின் தேயிலையை விற்பதே ஒரு தரகர்தான். வாடிக்கையாளரின் ஊழியரை இழுத்துக்கொண்டார் என்ற பெயர் வாங்க எந்தத் தரகரும் விரும்பமாட்டார். வேலை கேட்கும் கடிதம் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். தொழில்நுட்பக் கேள்வியோடு வரும் கடிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை.

அடுத்தது, எழுத வேண்டியது ஒரு கடிதம் அல்ல, இரண்டு. ஒன்று பேராசிரியருக்கு மட்டும். மற்றது அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே மற்றவருக்கு அனுப்பக்கூடியது. இரண்டையும் தனித்தனி மின்னஞ்சலாக, வேறு வேறு தலைப்பில் அனுப்புங்கள். ஒரே மின்னஞ்சலில் போட்டால், அவர் 'ஃபார்வர்ட்' அழுத்தியதும் கீழே இருக்கும் அந்தரங்கமும் சேர்ந்து போய்விடும். "இப்போதுள்ள மேலாளரோடு ஒத்துவரவில்லை" என்று அவருக்கு மட்டும் சொன்ன வரி முன்பின் தெரியாத சுவைஞரின் திரையில் நிற்கும்.

பேராசிரியருக்கான கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம். நடைமுறையில் இதை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். தமிழ் தெரியாத பேராசிரியராக இருக்கலாம், தெரிந்தவரும் அதை அனுப்பப்போவது தமிழ் தெரியாதவருக்காக இருக்கலாம்.

> மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,
>
> நான் 2023இல் வெளியேறிய அணி, பதிவு எண் இன்னது. வாட்டும் நேரத்துக்கும் வடிசாற்றின் நிறத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய இறுதியாண்டு ஆய்வை உங்கள் மேற்பார்வையில் செய்தேன்.
>
> இப்போது பண்டாரவளைப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் தர உறுதிப்பாட்டில் இருக்கிறேன். தரகர் நிறுவனத்தில் உயர்நிலத் தேயிலையைச் சுவைக்கும் ஒருவரோடு 20 நிமிடம் பேச விரும்புகிறேன். அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியுமானால், இதன் பின் தனியாக வரும் குறிப்பை அவருக்கு அனுப்பி, அவர் சம்மதித்தால் மட்டும் எங்களை இணைத்துவிட முடியுமா?
>
> இப்போதைக்குச் சரிவராது என்றாலும் பரவாயில்லை. நான் இடம் மாற யோசிப்பது என் தொழிற்சாலைக்குத் தெரியாது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பந்தி ஏன் அவசியம் என்று சொல்கிறோம். நம் பெயர்கள் முன்னெழுத்தோடு ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், முகநூலில் இன்னொரு மாதிரியும் இருக்கின்றன. ஓர் அணியில் இரண்டு தர்ஷினிகளும் மூன்று பிரசாந்துகளும் இருப்பார்கள். பேராசிரியர் முகத்தை மறந்தாலும் ஆய்வுத் தலைப்பை மறப்பதில்லை. அதைச் சொன்ன இடத்தில் ஆள் பிடிபட்டுவிடுவார்.

"அவர் சம்மதித்தால் மட்டும்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். சுவைஞரிடம் கேட்காமலே இருவரையும் ஒரே மின்னஞ்சலில் கோத்துவிட்டால், அவர் பதில் எழுத வேண்டிய கட்டாயத்துக்குள் தள்ளப்படுகிறார். அதன் மனக்கசப்பு பேராசிரியரைத்தான் சேரும். மறுக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் பேராசிரியருக்கும் கேட்பது எளிது.

கடைசி வரி தேயிலைக்கே உரியது. இது சின்ன உலகம். தொழிற்சாலை அதிகாரியும் தரகரும் பேராசிரியரும் ஒரே கருத்தரங்கில் தேநீர் குடிப்பவர்கள். "உங்கட பிள்ளை ஒன்று இங்கே கேட்டு எழுதியிருக்கு" என்று நல்ல மனதோடு சொன்ன பேச்சு உங்கள் வேலைக்கு உலை வைக்கலாம்.

இனி அனுப்பிவைக்கும் குறிப்பு. ஆறேழு வரிகளுக்கு மேல் வேண்டாம். கைபேசியில் ஒருமுறை விரலை நகர்த்துவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

> நான் ஊவாப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் 2 ஆண்டுகளாகத் தர உறுதிப்பாட்டில் இருக்கிறேன். தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவள். எங்கள் பீஓபிஎஃப் தேயிலைக்கு 'ஸ்டூட்' என்ற குறிப்பு இடையிடையே வருகிறது. உலர்த்தியின் வெளியேறும் காற்றின் வெப்பநிலையைக் கவனித்துச் சரிசெய்தும் சில நாட்களில் திரும்புகிறது. சுவைப்பவர் அந்தக் குறையை மிகைப் புளிப்பிலிருந்து எப்படிப் பிரித்தறிகிறார் என்று கேட்டறிய விரும்புகிறேன். தொலைபேசியில் 20 நிமிடம் போதும். திங்கள், வியாழன், வெள்ளி மாலைகளில் எந்த நேரமும் எனக்கு வசதி. தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசலாம்.

இந்தக் கேள்வி சும்மா அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. உலர்த்தியில் வெப்பமோ காற்றோட்டமோ குறைந்தால் இலை காய்வதற்குப் பதில் சூட்டில் கிடந்து அவிகிறது. சாறு மந்தமாகி உறைப்பு போய்விடும். அதைத்தான் 'ஸ்டூட்' என்கிறார்கள். புளிக்கும் மேசையில் கூடுதல் நேரம் கிடந்த தேயிலையும் உறைப்பை இழக்கும். கோப்பையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரிந்தாலும் திருத்த வேண்டிய இடம் வேறு. இதைக் கேட்பவர் தொழிற்சாலைத் தளத்தில் நின்றவர் என்று சுவைஞருக்கு முதல் வரியிலேயே புரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் பட்டச் சான்றிதழை அவர் கேட்கமாட்டார். "உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்டால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது.

செவ்வாய், புதனை விட்டதற்கும் காரணம் உண்டு. கொழும்பு ஏலம் வழமையாக நடப்பது அந்த நாட்களில்தான். ஏல நாளில் பேச நேரம் கேட்பவருக்கு இந்தத் தொழில் வெளியிலிருந்துதான் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

குறிப்பில் போடக் கூடாதவையும் உண்டு. தரகர் உங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பிய சுவை அறிக்கையை இணைக்காதீர்கள். தோட்டத்தின் விற்பனை மார்க், இன்வொய்ஸ் எண், கிடைத்த விலை எதையும் எழுதாதீர்கள். அவை தொழிற்சாலையின் சொத்து. வேறொரு தரகரிடம் அது போய்ச்சேர்ந்தால், தகவலை வெளியே கொடுப்பவர் என்ற முத்திரை உங்கள் மேல் விழும். 'ஊவாப் பகுதி' என்றாலே போதும்.

வறுமையைப் பற்றியும் ஒரு சொல். லயத்தில் பிறந்ததையும் அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்ததையும் இந்தக் குறிப்பில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது உண்மைதான், பெருமையும்தான். ஆனால் படிப்பவரால் அதற்கு இரக்கப்பட முடியுமே தவிர, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதே வாழ்க்கையில் அவருக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. சுவைஞர்கள் தொழிற்சாலைகளுக்குப் போய் டீமேக்கரோடும் தளத்தில் நிற்பவர்களோடும் பேச வேண்டிவரும். அங்கே தமிழில் பேசக்கூடியவர், பறிப்புச் சுற்று தள்ளிப்போனால் கொழுந்து முற்றிவிடும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாதவர் அவர்களுக்கு வேண்டியவர். அதை எழுதுங்கள்.

அனுப்பியபின் 10 நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். அதற்கு முன் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டாரா, ஆய்வு விடுப்பில் வெளிநாடு போயிருக்கிறாரா என்று துறை அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். பல்கலைக்கழக முகவரியை அவர் இப்போது பார்ப்பதே இல்லை என்றும் இருக்கலாம். வாட்ஸ்அப் எண் இருந்தால் "மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி போடலாம். முழுக் கதையையும் குரல்பதிவாக அனுப்பாதீர்கள், அது இன்னொருவருக்கு அனுப்பிவைக்கத் தோதானதல்ல.

இணைத்துவிட்டார் என்றால் அன்றைக்கோ மறுநாளோ நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். பேராசிரியருக்கு ஒரு வரியில் நன்றி சொல்லி, அவருடைய முகவரியை 'பிசிசி' என்ற மறைபிரதிக்கு மாற்றிவிடுங்கள். நேரம் குறிக்கும் பத்து மின்னஞ்சல்களும் அவர் பெட்டியில் விழக் கூடாது. பேசி முடித்த வாரத்தில், அந்த உரையாடலால் என்ன தெரிந்தது என்று அவருக்கு மூன்று வரி எழுதுங்கள். "புளிப்பில் தவறில்லை, உலர்த்தியில் இலையைத் தடிப்பாகப் பரப்பியதுதான் காரணம் என்று பிடிபட்டது" என்பதுபோல. அடுத்த அணியில் ஒரு பிள்ளை கேட்கும்போது அதே சுவைஞரை அவர் கூச்சமில்லாமல் திரும்ப அழைக்க இது உதவும்.

"தரகர் பக்கம் எனக்கு யாரையும் தெரியாது" என்று அவர் பதில் எழுதினால், கடிதப் போக்குவரத்தை அங்கே நிறுத்திவிடாதீர்கள். துறையில் தொழிற்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் விரிவுரையாளர் யாரென்று மட்டும் கேளுங்கள். மாணவர்களை எந்தெந்த நிறுவனத்துக்கு அனுப்பினோம், அங்கே அவர்களைப் பொறுப்பேற்றவர் யார் என்ற விவரம் பெரும்பாலும் அவர் கையில் இருக்கும். இரண்டாவது குறிப்பை மாற்றாமல் அவருக்கு அனுப்பலாம். முதல் கடிதத்தை மட்டும் புதிதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தேயிலைத் தரத்திலும் தரகிலும் வேலை செய்யும் மலையகத்தார் சிலர்
ஹட்டன்