அதிகாலைக் கறவைக்காரர்கள் நால்வரின் திறந்த மடல்

பண்ணை உரிமையாளர் ஐயா அவர்களுக்கும் மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தோம். சிவப்பு நாடா கட்டிய மாட்டின் பால் குளிரூட்டும் தொட்டியில் கலந்ததற்காக எங்கள் நால்வர் சம்பளத்திலும் பிடித்தம். பிழை எங்களுடையதுதான். மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலைத் தனி வாளியில் பிடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. கறவை இயந்திரத்தின் கப்பை மாட்டியவர் மாட்டின் காலில் கட்டிய நாடாவைப் பார்க்கவில்லை. பார்த்த மறுநிமிடமே உங்களிடம் வந்து சொன்னவர்களும் நாங்கள்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பால் டேங்கரில் ஏறிப் போயிருக்கும். அதையும் அந்தத் தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கு வருகிறோம். கறவை நேரம் அதிகாலை 3.30, பிற்பகல் 2.30. அதை மாற்றச் சொல்லவில்லை. மாடு கடிகாரம் பார்க்காமலே நேரம் தெரிந்து வாசலில் வந்து நிற்கிற ஜீவன். மாலைக் கறவை முடித்து, குழாய்களைக் கழுவி, கூடத்துச் சாணத்தைத் தள்ளிவிட்டு வெளியே வர 7 மணி. குளித்துச் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க 9. எழுவது 2.45. ஆறு மணி நேரம்கூட இல்லை. மிச்சத் தூக்கத்தைப் பகலில் ஈடுகட்டத்தான் காலை 9 முதல் 1.30 வரை ஓய்வு என்று உங்கள் தாளில் இருக்கிறது. தாளில் மட்டும். 11 மணிக்கு மக்காச்சோளத் தட்டு லாரி வரும். இல்லாவிட்டால் புண்ணாக்கு மூட்டை வரும். தகரக் கூரையின் வெக்கையில் அப்போதுதான் கண் அயர்ந்திருப்போம். "ஒரு அரை மணி நேரம்தானப்பா" என்று கதவு தட்டப்படும். பிழை நடந்த காலைக்கு முந்தைய நாளும் தட்டப்பட்டது. அதற்கு முந்தைய நாளும்தான்.

தூக்கக் கலக்கம் என்ன செய்யும் என்பது பால் அளவிலும் தெரியும். காம்பைத் துடைத்து முதல் பாலைப் பீச்சியதும் மாடு சுரப்பு விடத் தொடங்கும். ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் கப் மாட்டிவிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சுரப்பு சில நிமிடங்களே நிற்கும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் நான்கு மாடுகளை வரிசையாகத் துடைத்துவிட்டு முதல் மாட்டுக்குத் திரும்புகிறார். அதற்குள் சுரப்பின் பாதி போயிருக்கும். மடியில் பால் தங்கும், வெறுங்காம்பை இயந்திரம் இழுக்கும், அடுத்த மடிநோய்க்கு அங்கேயே வித்து விழும். பிறகு இன்னொரு சிவப்பு நாடா.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒரே நால்வர் தினமும் இரண்டு கறவையும் பார்க்கும் முறையை நிறுத்துங்கள்.

ஒரு கறவைக்கு 4 பேர், வாரத்தில் 14 கறவை. ஆக 56 ஆள்முறை. 7 பேர் இருந்தால் ஆளுக்கு 8. வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் இரண்டு நாள் மாலைக் கறவை மட்டும், அடுத்த இரண்டு நாள் இரண்டு வேளையும், அதன்பின் இரண்டு நாள் காலை மட்டும், ஏழாம் நாள் விடுப்பு. ஒவ்வொருவரும் ஒரு நாள் தள்ளித் தொடங்கினால் எந்த நாளிலும் ஒவ்வொரு கறவைக்கும் சரியாக 4 பேர் நிற்பார்கள், போட்டுப் பாருங்கள். விடுப்புக்கு முன்னால் காலைக் கறவை, பின்னால் மாலைக் கறவை என்பதால் முழுதாக இரண்டு இரவு உறங்கலாம். இன்றோ வாரவிடுப்பு என்பது டிராக்டர் ஓட்டுநரைக் கெஞ்சி நிற்கவைத்துவிட்டு ஊருக்கு ஓடி வருவது.

மூன்று ஆள் கூடுதல் செலவு என்பீர்கள். ஒரு வேளை மட்டும் கறப்பவர்களுக்கு வேலை நேரம் காலை 3 முதல் 11 வரை, அல்லது 11 முதல் 7 வரை. லாரி இறக்கவும் கன்றுகளுக்குப் பால் காட்டவும் நாள்தோறும் நான்கு பேர் விழித்துக்கொண்டே இருப்பார்கள். இப்போது அதற்கென்று தனியே கூலி கொடுக்கிறீர்களே, அதை இதில் கழித்துக்கொள்ளுங்கள்.

மாடு நாளுக்கு 12 மணி நேரமாவது படுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதைப் பெரிய எழுத்தில் தொழுவத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்காகவே மணல் படுக்கை, மின்விசிறி, வெயில் ஏறினால் நீர்த்தெளிப்பான். படுத்திருக்கும் மாட்டை யாரும் தட்டி எழுப்பக் கூடாது என்பதும் உங்கள் கட்டளைதான். நல்ல கட்டளை ஐயா. எங்களையும் மாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாள் வேலை, இடைவேளையும் சேர்த்து, பத்தரை மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்று வகுத்தது. தொழுவம் தொழிற்சாலையா என்று கேட்பீர்கள். எங்கள் நாள் 3 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடிகிறது. 16 மணி நேரம்.

வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறோம்: ஒரே நால்வருக்கு இரண்டு கறவையும் தினமும் வேண்டாம். ஒரு மாதம் 7 பேரை வைத்துப் பாருங்கள். ஆள் கிடைக்கும்வரை காலை 10 முதல் 1 வரை எங்கள் கதவைத் தட்ட வேண்டாம் என்று மட்டும் லாரிக்காரரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிடுங்கள். பிடித்தத் தொகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கறவைக் கூடத்து நால்வர்