தண்ணீர் சேமிப்பு விளையாட்டில் தொட்டியைக் காலி செய்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய கோடை முகாம் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் நாள் இரவு நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். பிள்ளைகளோடு துணைக்கு வந்த ஆசிரியை நான். மறுநாள் காலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐந்தரை மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முந்தைய இரவு 60 பிள்ளைகள் ஓட்டை டம்ளரில் தண்ணீர் மொண்டு ஓடிய 'தண்ணீரைக் காப்போம்' போட்டியில், டிரம் காலியாகக் காலியாக ஹோஸை வைத்து நிரப்பிக்கொண்டே இருந்தீர்கள். சமையல் அக்கா கீழே உள்ள கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார். ஆளுக்கு ஒரு வாளி கிடையாது, ஒரு கப்புதான். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் அன்று மதியம் வரை தண்ணீரே குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கக்கூஸ் போக வேண்டி வரும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. மே மாத வெயிலில்! சேமிப்பை இதைவிடத் திறமையாகக் கற்றுக்கொடுத்துவிட முடியாது, பாராட்டுகள்.

விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அளந்த தண்ணீரில் ஆடுங்கள், அதற்கு முன் ஒரு கதை சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து, உலகம் காய்ந்து எல்லோரும் சாகப்போகிறோம் என்று அரைமணி நேரம் பேசியதைக் கதை என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், ஒரு பொடியன் அழுதான்.

கதை ஐந்து நிமிடம் போதும், நம் ஊரிலேயே இருக்கிறது. 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் இந்தப் பிள்ளைகளில் பலர் நடந்து பார்த்த இடம். பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குச் சானல் தண்ணீர் தொட்டி வழியே போகிறது. அதில் ஒரு கற்பனைச் சிறுமியை நடக்கவிடுங்கள். கடைவரம்பில் அவள் பாட்டியின் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீரை யார் குடித்தது என்று தேடிச் சானல் கரையோடு மேலே நடக்கிறாள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "நான் ஒரு கை அள்ளினேன், அவ்வளவுதான் மக்களே" என்கிறார்கள். பாலத்தடியில் வந்து நின்றால் இருட்டில் சொட்டு, சொட்டு என்று சத்தம். கதையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "பாட்டிக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? வாருங்கள், நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்" என்று எழுப்பிவிட்டால் பிள்ளைகள் தானாக வருவார்கள்.

அப்புறம் விளையாட்டு. நான்கு அணி, அணிக்கு 10 லிட்டர், ஒரு சொட்டு கூடுதல் கிடையாது. மூன்று அங்குல பிவிசி குழாயை நெடுகப் பிளந்து ஒரு மீட்டர் துண்டுகளாக்கி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் கை அறுக்கும். ஒருவர் ஊற்ற, நால்வர் துண்டுகளைத் தொட்டிப்பாலம் போல் பிடிக்க, கடைசியில் 6 லிட்டர் குறி போட்ட வாளி. அணியில் பதினைந்து பேர் என்பதால் ஐந்தைந்து பேராக, ஆளுக்கொரு முறை வரும்படி 2 லிட்டர் வீதம் கடத்தலாம். வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. குறியை எட்டிய பிறகு ஊற்றும் வாளியில் எவ்வளவு மிச்சமோ, அதுதான் மதிப்பெண்.

வீட்டு முற்றத்தில் அக்காள் பிள்ளைகளை இரண்டு அணியாக்கி ஆடிப்பார்த்தேன். முதல் அணி வாளியோடு கவிழ்த்தது. 10 லிட்டரும் தீர்ந்தபோது அடுத்த முனையில் இருந்தது 5 லிட்டர், பாட்டிக்கு நாமம். குழாயைச் செங்குத்தாகச் சாய்த்ததால் தண்ணீர் அடுத்த துண்டைத் தாண்டிப் பாய்ந்தது, மட்டமாகப் பிடித்தபோது நடுவில் தேங்கி ஓரத்தால் வழிந்தது. இரண்டாவது அணி அதைப் பார்த்துவிட்டு, மேல்துண்டைக் கீழ்த்துண்டுக்குள் நான்கு விரல் நுழைத்து, துண்டுக்கு இரண்டு விரற்கடை சாய்வு வைத்து, கப்பு கப்பாக ஊற்றியது. 6 லிட்டர் சேர்ந்தது, இரண்டரை லிட்டர் மிச்சம், சிந்தியது ஒன்றரைதான். சரி, எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று இருட்டில் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடினால் காது சொல்லிவிடும், கதையில் அவளுக்குச் சொன்னது போலவே.

நெருப்பிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி ஆடவிடுங்கள், ஈரத்தரை வழுக்கும்.

போட்டிக்குப் பரிசாகக் குளிர்பானம் கொடுத்தீர்களே, அந்தக் காசுக்கு இரண்டு குழாய் வாங்கியிருக்கலாம். சரி, அதை விடுங்கள். கோபத்தில் எழுதியது போல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முகாமின் நிகழ்ச்சி நிரலை அச்சிடும் முன், ஹோஸ் இல்லாமல், அளந்த 40 லிட்டரில் இதை ஆட அனுமதிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த 40 லிட்டரில் சிந்தாததை எல்லாம் கடைசியில் பிள்ளைகளே சுமந்துவந்து தீயை அணைக்கட்டும். அன்று அதற்கும் தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்றினீர்கள்.

இப்படிக்கு,
துணைக்கு வந்த ஆசிரியை