ஆறாவது விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை வந்ததிலிருந்து அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கூடுதல். போனில் பேசினால் நடுவில் உனக்கு வேறு போன் வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ வாங்கச் சொன்ன வெள்ளிக் குத்துவிளக்கில் ஐந்தைப் பில் போட்டு வாங்கிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. ஆறாவது விளக்கு கடையில் இல்லை என்று அம்மா உன்னிடம் சொன்னாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கடையில் இருந்தது.

"அது மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்ப்பா, பில் வேண்டாம்" என்றாய். யாருக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பம்பு டெண்டரைத் தீபாவளி கழித்துத் திறக்கிறார்கள் என்று போன வாரம் நீயேதான் சொன்னாய்.

அந்த ஐந்து பேரும் டீலர்கள், அவரவர் கடைக்கு அவரவரே முதலாளி. உன் பம்பை விற்றவருக்கு உன் கம்பெனி கணக்கில் எழுதி விளக்குக் கொடுத்தால் யாரும் ஏமாறவில்லை. ஒருவருக்கே வருஷத்தில் 20,000 ரூபாய் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்கணும், அதை உங்கள் அக்கவுண்டன்ட் பார்த்துக்கொள்வார். ஆறாமவர் அப்படியில்லை. அவர் வாங்குவது அரசாங்கப் பணத்தில். விளக்கு போவது அவர் வீட்டுக்கு.

மரியாதைக்குக் கொடுப்பதுதானே என்பாய். நம் வீட்டு மொய் நோட்டைப் பார்த்திருக்கிறாய். பெயர், ஊர், தொகை எல்லாம் நாலு பேர் முன்னால் எழுதியது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் திரும்பச் செய்கிறோம். அந்த விளக்கை எந்த நோட்டில் எழுதுவாய்? அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் அடுத்த தீபாவளிக்கு அவருக்கு அனுப்புவாயா, அவர் நாற்காலிக்கு வந்தவருக்கு அனுப்புவாயா?

நான் வேலை பார்த்த மத்திய அரசு நடத்தை விதிகள் 1964-ல் வந்தவை. போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வதும் ஒரு வேளைச் சாப்பாடும் அதில் பரிசு ஆகாது. கல்யாணம், பண்டிகைக்குச் சொந்தக்காரரும் சிநேகிதரும் செய்வதற்கும் இடம் உண்டு, ஆனால் அந்தச் சிநேகிதருக்கு நம்மோடு ஆபீஸ் காரியம் எதுவும் இருக்கக்கூடாது. உனக்கு அவரோடு ஆபீஸ் காரியம் மட்டும்தான் இருக்கிறது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின் கொடுப்பவனுக்கும் ஏழு வருஷம் வரை ஜெயில். வேறு ஆள் கையால் கொடுத்தாலும் அதேதான். அவரே கேட்டு நெருக்கினார் என்றால் ஏழு நாளைக்குள் போலீசில் சொல்லியிருக்கணும். கம்பெனிக்காகத்தான் செய்தேன் என்றால் கம்பெனியும் மாட்டும். பில் வேண்டாம் என்று நீ சொன்னது எதற்கு என்று உனக்கே தெரியும்.

முப்பத்தைந்து வயதில் மூன்று மாநிலம் பார்க்கிறாய். உன்னைப் பற்றிக் கோயிலில் யாராவது கேட்டால் அம்மா அரை மணி நேரம் பேசுகிறாள். உன் பம்பு நல்ல பம்பு, அதற்கு எதற்கடா விளக்கு?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கமாட்டாய், உனக்குத் தெரியாது. அக்கா கல்யாணத்தில் ஒரு வால்வு சப்ளையர் 501 ரூபாய் மொய் எழுதினார். அது நோட்டில் இருக்கிறது. மறுநாள் வீட்டுக்கே வந்து ஒரு வெள்ளித் தட்டு கொடுத்தார். அது நோட்டில் இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். மூன்று மாதம் கழித்து அவருடைய கேட் வால்வு நாற்பது வந்தது. நாலை எடுத்துப் பதினைந்து கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றில் உடம்பிலேயே தண்ணீர் கசிந்தது, கையால் துடைத்தால் மறுபடி முத்து முத்தாக நின்றது. நாற்பதையும் சோதிக்கச் சொல்லியிருக்கணும். அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தரச்சொல்லிவிட்டு "திருப்தி" என்று கையெழுத்துப் போட்டேன். அவர் வாய் திறந்து கேட்டிருந்தால் கோபப்பட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் கேட்காததுதான் என்னைக் கட்டிப்போட்டது. ஒரு வருஷத்துக்குள் குவார்ட்டர்ஸ் லைனில் ஆறு வால்வை மாற்றினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. வரலட்சுமி நோன்புக்கு அம்மா வெற்றிலை பாக்கு வைப்பாளே, அந்தத் தட்டுதான். அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

ஆபீசுக்கு ஏதாவது கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் கம்பெனி பெயர் போட்ட காலண்டரும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்வீட் பாக்ஸும் கொண்டுபோய்ப் பகலில் மேஜைமேல் வை. அதுவும் டெண்டர் திறந்தபிறகு போ. வீட்டுக்குப் போகாதே. மறுபடி சொல்கிறேன், வீட்டுக்குப் போகாதே.

ஆறாவது விளக்குக்கு நீ அனுப்பிய பணம் பீரோவில் தனிக் கவரில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள். அம்மாவுக்குத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா.

இப்படிக்கு,
அப்பா