கொலு பொம்மைகளைக் கட்டி வைப்பதற்கு முன், வித்யாவுக்கு

அன்புள்ள வித்யா,

பெரியம்மா வீட்டுக் கொலு பொம்மைகள் இனி உன் வீட்டுப் பரணில்தான் இருக்கப் போகின்றன என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம் இல்லையா, அதற்கு முன்னாலேயே பொம்மைகளுக்கு நம்பர் போடும் வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப் போடாதே.

நான் முதலில் நம்பர் போட்டது படிக் கணக்கில். மூன்றாம் படியில் இடமிருந்து ஐந்தாவது என்றால் 3-5. அடுத்த வருஷம் புதுசாக இரண்டு பொம்மை வாங்கினோம், ஏழு படி வைத்த இடத்தில் ஐந்து படிதான் கொண்டது, அத்தனை நம்பரும் வீணாகிவிட்டது. தசாவதார செட்டில் வாமனரைத் தேடி 14 பொட்டலம் பிரித்தேன். அதனால் இடத்துக்கு நம்பர் வேண்டாம், பொம்மைக்கே கொடு. தசாவதாரம் என்றால் மச்சம் த1, கூர்மம் த2, வாமனர் த5, கல்கி த10. கல்யாண செட் என்றால் க1, க2 என்று போகும். புதுசாக வந்த பொம்மை கடைசி நம்பரை வாங்கிக்கொள்ளும், பழையது எதுவும் மாறாது.

நம்பரைச் சின்னச் சீட்டில் பென்சிலால் எழுதி ஒவ்வொரு பொம்மையின் காலடியிலும் வைத்து, படிக்கு ஒரு போட்டோ எடு. அந்தப் போட்டோதான் பட்டியல், தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். கலைக்கும்போது அதே சீட்டைப் பொட்டலத்தின் மேல் நூலால் கட்டிவிடு. செலோடேப் ஒரு வருஷத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், பொம்மை மேலேயே ஒட்டினாலோ பெயிண்டோடு வரும். ராமர் கை வில், பலராமர் கலப்பை மாதிரி கழன்று வருவதையெல்லாம் சின்னப் பையில் போட்டு அதே நம்பர் எழுதி அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே வை. கலப்பை மட்டும் தனியாகக் கிடைத்தால் யாருடையது என்று தெரியாமல் நானும் அம்மாவும் அரை மணி நேரம் நின்றிருக்கிறோம்.

சுற்றுவதற்குப் பழைய வேட்டித் துணிதான் நல்லது. கொலு முடிந்த கையோடு ஐப்பசி மழை வந்துவிடும், பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே போகாது, களிமண் பொம்மையில் பெயிண்ட் பொரிந்து கிளம்பும். பிரிக்கும்போது துணியில் கலர் பொடி ஒட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொம்மையை நிழலில் ஆற வைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும், அதுவும் காய்ந்த பிரஷ்ஷால்.

அப்புறம் பெட்டி. கொலுவை மேல் படியிலிருந்து கீழே அடுக்கிக்கொண்டு வருவோம், அதனால் மரப்பாச்சியும் மேல் படி சாமிகளும் இருக்கும் பெட்டி முதலில் கைக்கு வர வேண்டும், பரணில் அதைக் கடைசியாக ஏற்று. கனமான செட்டியார் பொம்மைகளை எந்தப் பெட்டியிலும் அடியில் வை. போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு, எந்த நம்பர் எந்தப் பெட்டியில் என்று பின்னால் எழுதி, அந்த முதல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் வைத்துவிடு, அடுத்த புரட்டாசிக்குள் நீ போனை மாற்றியிருக்கலாம்.

பெரியம்மாவின் மரப்பாச்சி ஜோடிக்கு ம1, ம2 என்று நானே சீட்டு எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா